வியாழன் வாங்கி வெள்ளி விற்றால் டிவிடெண்ட் இலவசமா?

மொன்ட்ரியால் கோட்-டே-நேஜ் பக்கம் ஒரு காபிக் கடையில் சனிக்கிழமை காலை நாங்கள் நாலைந்து பேர் கூடுவது வழக்கம். 2024 ஜூனில் ஒரு நாள் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். "தம்பி, பெல் கம்பனி பங்குக்கு ஒரு டொலர் பங்கிலாபம் குடுக்கிறான். வியாழக்கிழமை வாங்கி வெள்ளிக்கிழமை வித்தாலும் காசு வருமாம். பிறகேன் ஆக்கள் வருசம் முழுக்க வைச்சுக் கொண்டிருக்கினம்?"

கேள்வி சரியான கேள்வி. நாம் டிவிடெண்ட் என்கிறோம், அவர் பங்கிலாபம் என்கிறார், பாடப்புத்தகம் ஈவுத்தொகை என்கிறது. பெயர் எதுவானாலும், அந்த ஒரு டாலர் கம்பெனியின் கஜானாவில் இருந்து வெளியே போகிற பணம். போன பிறகு கம்பெனி ஒரு டாலர் இளைத்துவிட்டது. அதனால் பங்கின் விலையும் ஒரு டாலர் குறைய வேண்டும் என்பதுதான் முதல் பதில். இதைச் சொன்னதும் அண்ணை சிரித்தார். "அப்பிடியெண்டால் முழுசாக் குறையோணுமே? நான் பாத்த அளவில முழுசாக் குறையேல்லையே!" அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பல சந்தைகளில், பல வருடத் தரவில், சராசரியாக விலை டிவிடெண்ட் அளவுக்கு முழுதாக இறங்குவதில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் வரி.

முதலில் தேதிகளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கேயே பாதிப் பேர் தவறி விழுகிறார்கள். நன்ஸ் ஐலண்டில் தலைமையகம் வைத்திருக்கும் பி.சி.இ., அதாவது பெல் கனடாவின் தாய்க் கம்பெனி, 2024-ல் காலாண்டுக்கு ஒரு பங்குக்கு 99.75 சென்ட் கொடுத்தது. அந்த வருடத்து முதல் அறிவிப்பில் ரெக்கார்டு தேதி மார்ச் 15, வெள்ளி. பணம் வந்து சேர்வது ஏப்ரல் 15. அடுத்த அறிவிப்பில் ரெக்கார்டு தேதி ஜூன் 14, அதுவும் வெள்ளி. பணம் ஜூலை 15.

ரெக்கார்டு தேதி என்றால், அன்று மாலை கம்பெனியின் பங்குதாரர் ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம். ஆனால் நாம் பட்டனை அழுத்திய நிமிடமே பெயர் ஏட்டில் ஏறிவிடாது. பங்கும் பணமும் கைமாற அவகாசம் வேண்டும். மார்ச்சில் கனடாவில் அந்த அவகாசம் இரண்டு வேலை நாள். ஆகவே மார்ச் 15 ஏட்டில் பெயர் வர, 13-ம் தேதி புதன்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும். 14-ம் தேதி வாங்கியவருக்கு டிவிடெண்ட் இல்லை. அந்த 14-ம் தேதிதான் எக்ஸ்-டிவிடெண்ட் தேதி. டிவிடெண்ட் கழன்றுபோன பங்கு அன்றிலிருந்து விற்பனையாகிறது.

2024 மே 27-ல் கனடா இந்த அவகாசத்தை ஒரே வேலை நாளாகக் குறைத்தது. அமெரிக்கா மறுநாள் அதையே செய்தது. அதன் விளைவு என்ன? ஜூன் 13 வியாழன் வாங்கினால் 14 வெள்ளி ஏட்டில் பெயர் வந்துவிடும். 14-ம் தேதியே வாங்கினால் வராது. அதாவது எக்ஸ்-தேதியும் ரெக்கார்டு தேதியும் இப்போது ஒரே நாள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு 'ரெக்கார்டுக்கு இரண்டு நாள் முன்னால் வாங்கணும்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வாங்கினால் நஷ்டமில்லை, டிவிடெண்ட் வந்துவிடும். ஆபத்து மறுபக்கம்: 'ரெக்கார்டு தேதியன்று வாங்கினால் போதும்' என்று நினைப்பவருக்கு ஒன்றும் வராது, குறைந்த விலையில் பங்கு மட்டும்தான் வரும்.

அண்ணை சொன்னதும் உண்மைதான். வியாழன் வாங்கி வெள்ளி காலை விற்றாலும், ஜூலை 15 அன்று பணம் அவர் கணக்குக்கு வரும். பணம் கொடுக்கும் நாள் வரை பங்கை வைத்திருக்கத் தேவையே இல்லை.

இனி விலைக்கு வருவோம். வியாழன் மாலை பி.சி.இ. 46 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக ஒரு விலை, அவ்வளவுதான்). வரியே இல்லாத உலகமென்றால் வெள்ளி காலை அது ஏறக்குறைய 45 டாலரில் திறக்க வேண்டும். அதற்கு மேல் திறந்தால் வியாழன் வாங்கி வெள்ளி விற்று எல்லோரும் லாபம் பார்ப்பார்கள். அதற்குக் கீழே திறந்தால் எல்லோரும் வியாழனே விற்றுவிட்டு வெள்ளி திரும்ப வாங்குவார்கள். அந்த இழுபறிதான் விலையை டிவிடெண்டுக்குச் சமமாக இறக்குகிறது.

ஆனால் நாம் இருப்பது கியூபெக்கில். இங்கே வரி இல்லாமல் மூச்சுகூட விட முடியாது. ஒருவர் பல வருடமாக பி.சி.இ. வைத்திருக்கிறார், இந்த வாரம் விற்றே ஆக வேண்டும். வியாழன் விற்றால் அதிக விலை கிடைக்கும். அந்தக் கூடுதல் தொகை முழுதும் மூலதன ஆதாயம், அதற்கான வரி கட்ட வேண்டும். வெள்ளி விற்றால் விலை குறைவு, ஆனால் டிவிடெண்ட் வரும், அதற்கு டிவிடெண்ட் வரி. இரண்டும் அவருக்குச் சமம் என்று ஆகும் புள்ளி எது? வரி போக மிஞ்சுவது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் இடம்:

```
(P1 - P2) x (1 - tg) = D x (1 - td)
```

P1 வியாழன் விலை, P2 வெள்ளி விலை, D டிவிடெண்ட், tg மூலதன ஆதாயத்துக்கு அவர் கட்டும் வரி, td டிவிடெண்டுக்குக் கட்டும் வரி. டிவிடெண்டுக்கு வரி அதிகமென்றால், அவருக்கு ஒரு டாலர் டிவிடெண்ட் ஒரு டாலர் விலைக்குச் சமமில்லை. விலை குறைவாக இறங்கினாலே அவருக்குக் கணக்கு சரியாகிவிடும்.

கியூபெக்கின் 2024 விகிதங்களைப் போட்டுப் பார்க்கலாம். மத்திய அரசு, மாகாண அரசு இரண்டும் சேர்த்து, வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள ஒருவர், பி.சி.இ. மாதிரி பெரிய கனடியக் கம்பெனியின் டிவிடெண்டுக்கு 40.11 சதவீதம் கட்டுகிறார். மூலதன ஆதாயத்தில் பாதிக்கு மட்டுமே வரி என்பதால் அங்கே 26.65 சதவீதம்தான். ஒரு டாலர் டிவிடெண்டில் அவர் கையில் நிற்பது சுமார் 60 சென்ட். ஒரு டாலர் விலை ஏற்றத்தில் நிற்பது சுமார் 73 சென்ட். அறுபதை எழுபத்து மூன்றால் வகுத்தால் 0.82. ஆக 99.75 சென்ட் டிவிடெண்டுக்கு விலை சுமார் 81 சென்ட் இறங்கினால் அவருக்கு எந்த நாள் விற்றாலும் ஒன்றுதான். பணக்காரர்கள்தான் சந்தை விலையைத் தீர்மானிக்கிறார்கள் என்றால், வெள்ளி காலை விலை 45-க்குப் பதிலாக 45.19 பக்கம் திறக்கும்.

இதோடு நிறுத்தினால் கதை சுலபம். பெரும்பாலான இணையக் கட்டுரைகள் இங்கேதான் நிறுத்துகின்றன, அதுவும் அமெரிக்க விகிதங்களை வைத்து. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்த உச்சத் தட்டில் இல்லை. சம்பளம் 60,000-லிருந்து ஒரு லட்சம் டாலர் வரை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கனடாவில் டிவிடெண்ட் வரிச் சலுகை என்று ஒன்று உண்டு. கம்பெனி ஏற்கனவே கட்டிய வரியை ஓரளவு நமக்குக் கழித்துக் கொடுப்பது அதன் நோக்கம். டிவிடெண்டை 38 சதவீதம் பெருக்கிக் காட்டச் சொல்வார்கள், பிறகு இரண்டு அரசும் அதில் ஒரு பங்கை வரியிலிருந்து கழிக்கும். அந்தச் சுற்று எல்லாம் முடிந்த பிறகு, இந்த நடுத்தட்டு ஆள் டிவிடெண்டுக்குக் கட்டுவது 16.39 சதவீதம். மூலதன ஆதாயத்துக்கு 18.06 சதவீதம். பார்த்தீர்களா, தலைகீழ்! இவருக்கு டிவிடெண்டே லேசாக மேல். இவருடைய சமப் புள்ளி 1.02, அதாவது விலை டிவிடெண்டைவிடக் கொஞ்சம் அதிகமாக இறங்கினாலும் இவர் பொறுத்துக்கொள்வார். வருமானம் 50,000-க்குக் கீழே போனால் டிவிடெண்ட் வரி 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆதாய வரியோ 13 சதவீதம். அவருடைய புள்ளி 1.12.

ஆக ஒரே பங்கு, ஒரே வெள்ளிக்கிழமை. ஒருவருக்கு 81 சென்ட் இறக்கம் நியாயம், இன்னொருவருக்கு ஒரு டாலர் 2 சென்ட், மூன்றாமவருக்கு ஒரு டாலர் 11 சென்ட். இவர்களோடு வரியே கட்டாதவர்களும் இருக்கிறார்கள்: ஓய்வூதிய நிதிகள், நமது டி.எஃப்.எஸ்.ஏ. கணக்குகள். இங்கேயே கியூபெக் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் கேஸ் டே டெப்போ இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு டாலருக்கு ஒரு டாலர்தான் கணக்கு. விலை 81 சென்ட்தான் இறங்கும் என்று தெரிந்தால் அவர்கள் வியாழன் வாங்கி வெள்ளி விற்று 18 சென்ட் எடுக்கப் பார்ப்பார்கள். அவர்கள் வாங்க வாங்க வியாழன் விலை ஏறும், விற்க விற்க வெள்ளி விலை இறங்கும், இடைவெளி சுருங்கும். முழுதும் மூடுவதில்லை, ஏனென்றால் ஒரு இரவு பங்கைக் கையில் வைத்திருப்பதற்கே ஆபத்து உண்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஓட்டை உண்டு, கமிஷனும் உண்டு. அந்தச் செலவு எவ்வளவோ அந்த அளவுக்கு வித்தியாசம் மிஞ்சி நிற்கலாம்.

இந்த யோசனையைத் தரவில் காட்டிப் பேர் வாங்கியவர்கள் எல்டன், குரூபர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். 1970-ல் வந்த அவர்கள் ஆய்வில், 1966 ஏப்ரலில் இருந்து 1967 மார்ச் வரை நியூயார்க் சந்தையில் சராசரி இறக்கம் டிவிடெண்டில் சுமார் 78 சதவீதம். அந்த எண்ணிலிருந்து திரும்பிக் கணக்குப் போட்டு, பங்குதாரர்கள் எந்த வரித் தட்டில் இருக்கிறார்கள் என்றே ஊகித்தார்கள். எனக்கு இது போலீஸ் துப்பு மாதிரி பிடித்திருந்தது. விலை இறக்கத்தைப் பார்த்து வாங்கினவன் சம்பளத்தைச் சொல்வது!

ஆனால் இந்த யோசனைக்கு நல்ல சோதனை நடந்தது நம்ம ஊரில், கனடாவில். 1971 வரை இங்கே மூலதன ஆதாயத்துக்கு வரியே கிடையாது. 1972 ஜனவரி 1-லிருந்துதான் பாதி ஆதாயத்துக்கு வரி வந்தது. மொன்ட்ரியால் பங்குச் சந்தையில் அப்போது பங்குகளே நேரடியாகக் கைமாறிக்கொண்டிருந்தன; இன்று விக்டோரியா சதுக்கத்துக் கோபுரத்தின் பெயரில் மிஞ்சியிருப்பது ஆப்ஷன், ஃபியூச்சர் வியாபாரம்தான். அது வேறு கதை. மேலே உள்ள சூத்திரப்படி, ஆதாய வரி பூஜ்யத்தில் இருந்து மேலே போனால் விலை இறக்கம் முன்பைவிடப் பெரிதாக வேண்டும். லக்கோனிஷோக், வெர்மேலன் என்ற இருவர் அதைப் பார்த்து 1983-ல் எழுதினார்கள். வரிக் கணக்கு எதிர்பார்த்த மாற்றம் தரவில் வரவில்லை. டிவிடெண்டுக்காகக் குறுகிய காலம் வாங்கி விற்கும் ஆட்கள்தான் விலையைப் பிடித்து இழுக்கிறார்கள், நீண்ட காலப் பங்குதாரரின் வரித் தட்டு அல்ல என்பது அவர்கள் விளக்கம்.

இன்னொரு இடி ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கே டிவிடெண்டுக்கும் வரியில்லை, ஆதாயத்துக்கும் வரியில்லை. அப்படியென்றால் இறக்கம் முழுதாக இருக்க வேண்டுமல்லவா? ஃபிராங்க், ஜெகன்னாதன் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி டிவிடெண்ட் 12 ஹாங்காங் சென்ட், சராசரி இறக்கம் 6 சென்ட். சரிபாதி! டிவிடெண்டை வாங்கிச் சேர்ப்பதே சாதாரண ஆட்களுக்குத் தொல்லையாக இருந்ததால், விற்பவர்கள் முன்னாலேயே விற்றார்கள், வாங்குபவர்கள் தேதி கழிந்து வாங்கினார்கள். முதல் நாள் வியாபாரம் தரகரின் கீழ் விலையிலும் மறுநாள் வியாபாரம் அவருடைய மேல் விலையிலும் நடந்தது. அதனால் இறக்கம் சின்னதாகத் தெரிந்தது என்றார்கள். ஆகவே 'இறக்கம் குறைவு, எனவே காரணம் வரி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. வரி ஒரு காரணம். வியாபாரம் நடக்கும் விதம் இன்னொன்று. என் கருத்தைக் கேட்டால், பி.சி.இ. மாதிரி டொரோன்டோவிலும் நியூயார்க்கிலும் ஒரே நேரத்தில் விற்பனையாகும் பெரிய பங்கில் வரி வித்தியாசத்தின் சுவடு மிகச் சின்னதாகத்தான் மிஞ்சும்.

அண்ணை பார்த்தது என்ன பிறகு? அவர் பார்த்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. பி.சி.இ. ஒரு சாதாரண நாளில் ஒரு சதவீதம் மேலேயோ கீழேயோ போவது சகஜம். 46 டாலரில் அது 46 சென்ட். நாம் தேடுகிற வித்தியாசமோ 18 சென்ட். மழையில் நின்றுகொண்டு குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது போல. நிறையத் தேதிகளை எடுத்து, அன்று சந்தை முழுதும் எவ்வளவு அசைந்தது என்பதைக் கழித்து, சராசரி பார்த்தால்தான் ஏதாவது தெரியும். அன்றைய மூடும் விலையைவிடத் திறக்கும் விலை கொஞ்சம் சுத்தமானது, நாள் முழுக்கச் சேரும் இரைச்சல் அதில் குறைவு. நானும் ஒரு ஞாயிறு மதியம் ஆர்வக்கோளாறில் விலைப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். இறக்கமே இல்லை! அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது, நான் எடுத்த பத்தி `Adj Close`. அதில் பழைய விலைகளில் இருந்து டிவிடெண்டை ஏற்கனவே கழித்து வைத்திருப்பார்கள். எக்ஸ்-தேதிப் பள்ளத்தை நிரப்பி மேலே தார் போட்ட மாதிரி. இந்த வேலைக்கு `Close` பத்தியைத்தான் எடுக்க வேண்டும். பத்து வருடம் கோட் எழுதுகிறவனுக்கு இது நடந்தது என்பதை வீட்டில் சொல்லவில்லை.

இப்போது அண்ணையின் திட்டத்தையே ஓட்டிப் பார்ப்போம். அவர் நடுத்தட்டு, சாதாரணக் கணக்கு, 500 பங்கு. விலை முழுதாக 99.75 சென்ட் இறங்கியது என்று வையுங்கள். டிவிடெண்ட் 498.75 டாலர், வரி போக சுமார் 417. விற்றதில் நஷ்டம் அதே 498.75. அந்த நஷ்டத்தை வேறு மூலதன ஆதாயத்தில் கழித்தால் 90 டாலர் வரி மிச்சம், ஆக நிகர நஷ்டம் சுமார் 409. முடிவில் லாபம் எட்டு டாலர். போக வர கமிஷன் கட்டினால் அதுவும் காலி. அவருக்குக் கழிக்க வேறு ஆதாயமே இல்லையென்றால் இன்னும் மோசம். மூலதன நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க விடமாட்டார்கள், மூன்று வருடம் பின்னால் போய் அல்லது வரப்போகும் ஆதாயத்தில்தான் கழிக்கலாம். அதுவரை அவர் கையிலிருந்து சுமார் 82 டாலர் போயிருக்கும். விற்றுவிட்டு 30 நாளுக்குள் ஆசைப்பட்டு மறுபடி வாங்கி வைத்துக்கொண்டால், அந்த நஷ்டத்தை இப்போதைக்கு ஏற்கவே மாட்டார்கள். இதே ஆட்டத்தை வாராவாரம் ஆடினால் வரித்துறை 'இது முதலீடு இல்லை, வியாபாரம்' என்று சொல்லவும் இடமுண்டு.

உச்சத் தட்டில் உள்ளவர் இதே 500 பங்கைச் செய்தால், கழிக்க ஆதாயம் இருந்தாலும் முழு இறக்கத்தில் அவருக்கு 67 டாலர் நஷ்டம். இலவசம் என்று போய் அரசாங்கத்துக்கு டிப்ஸ் வைத்துவிட்டு வருவது. அவருக்கு எதிர்த்திசையில்தான் புத்தி வேலை செய்ய வேண்டும்: எப்படியும் விற்கப் போகிற பங்கென்றால் வியாழனே விற்றுவிடுவது, வாங்கப் போகிறதென்றால் வெள்ளி வரை பொறுப்பது.

"அப்ப டி.எஃப்.எஸ்.ஏ.-ல அமெரிக்கப் பங்கு வாங்கினா? அங்க வரியே இல்லையெல்லோ" என்றார் அண்ணை விடாமல். இதில் பலர் மாட்டுகிறார்கள். அமெரிக்கக் கம்பெனி டிவிடெண்ட் கொடுக்கும்போதே 15 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். டி.எஃப்.எஸ்.ஏ.-வை அமெரிக்கா மதிப்பதில்லை, அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. விலை ஒரு டாலர் இறங்கும், கையில் வருவது 85 சென்ட். ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கில் நேரடியாக வைத்திருந்தால் ஒப்பந்தப்படி அந்தப் பிடித்தம் இல்லை. சாதாரணக் கணக்கில் வைத்தால் கனடிய டிவிடெண்ட் சலுகை கிடைக்காது, சம்பளம் மாதிரியே முழு வரி. உச்சத் தட்டுக்காரருக்குச் சமப் புள்ளி 0.64-க்கு இறங்கிவிடும்.

ஊரில் டீமேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. இந்தியாவிலும் 2023 ஜனவரியில் இருந்து ஒரே நாள் கணக்குத் தீர்வுதான், எக்ஸ்-தேதியும் ரெக்கார்டு தேதியும் பொதுவாக ஒன்றுதான். 2020 ஏப்ரல் 1 வரை கம்பெனியே விநியோக வரி கட்டிவிடும், பிறகு அது பங்குதாரர் தலையில் அவரவர் தட்டுப்படி வந்தது. 30 சதவீதத் தட்டில் இருப்பவர் நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் கட்டினால், செஸ் போன்றவற்றை விட்டுவிட்டால், அவருடைய புள்ளி 0.80. கியூபெக் உச்சத் தட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்.

தேதியில் இன்னொரு சின்ன விஷயம். டிசம்பரில் ரெக்கார்டு, ஜனவரியில் பணம் என்று வரும் டிவிடெண்டுக்கு, வரி பணம் வந்த வருடத்துக்குத்தான். பி.சி.இ. அப்படித்தான் கொடுக்கும், ஜனவரி 15 பக்கம். ஆனால் டிசம்பரில் விற்ற நஷ்டம் டிசம்பர் வருடத்தில் விழும். வேலை மாறி ஒரு வருடம் சம்பளம் குறைவு, அடுத்த வருடம் அதிகம் என்றால் இது தெரிந்திருப்பது நல்லது. டி-5 தாளும் கியூபெக்கின் ரெலவே-3 தாளும் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெருக்கிய தொகையை 'நான் வாங்கவே இல்லையே' என்று பயந்து போன் போடுபவர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் உண்டு.

அண்ணை கடைசியில் வாங்கினார், விற்கவில்லை. "பிள்ளையளுக்கு இருக்கட்டும்" என்றார். 2025 மே மாதம் பி.சி.இ. வருட டிவிடெண்டை 3.99-லிருந்து 1.75 டாலராக வெட்டியது, காலாண்டுக்கு 43.75 சென்ட். வெட்டும் முன்பே பங்கு விலை வெகுவாக இறங்கி, டிவிடெண்ட் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் எக்ஸ்-தேதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காபிக்குக் காசு மட்டும் என்னைக் கொடுக்கச் சொன்னார்.